கிளப் வாட்ஸாப் குழு: அணித் தேர்வு, கடைசி நேர மாற்றம், பதில்கள்

எல்லோருக்கும் வணக்கம். தாம்பரம் பக்கம் ஞாயிறுதோறும் லீக் ஆடும் நம் கிரிக்கெட் அணியின் குழுவில் இப்போது 34 பேர் இருக்கிறோம். பத்தாம் வகுப்புப் பையனும் இருக்கிறான், 46 வயது அண்ணனும் இருக்கிறார். சில அப்பா அம்மாக்களும் படிக்கிறார்கள். இந்த சீசனுக்கான விதிகள் இவை. கேப்டனும் பயிற்சியாளரும் நானும் பேசி முடிவு செய்தோம்.

போன வருடம் ஒரு தம்பி, தான் அணியில் இல்லை என்பதை இந்தக் குழுவில் வந்த பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். அதற்கு முந்தைய வாரம் ஆடியவன். பட்டியலுக்குக் கீழே அடுத்தடுத்து கைதட்டல் படங்கள். மூன்று வாரம் வலைப்பயிற்சிக்கே அவன் வரவில்லை. தப்பு எங்களுடையது. அதனால் முதல் விதி எங்களுக்குத்தான்: முந்தைய ஆட்டத்தில் ஆடிய யாரையாவது வெளியே வைத்தால், பட்டியல் வருவதற்கு முன்பே கேப்டன் அவருக்குப் போன் செய்து சொல்வார். மெசேஜ் அல்ல, போன்.

"யார் யார் வரமுடியும்" என்ற வாக்கெடுப்பு திங்கள் மாலை வரும், புதன் இரவு 9 மணியோடு முடியும். உறுதியாகத் தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்று போடுங்கள். அதற்காக யாரையும் ஒதுக்கமாட்டோம். ஒன்றும் போடாமல் இருந்தால் வரவில்லை என்றே எடுத்துக்கொள்வோம்.

வெள்ளி இரவு 8 மணிக்குப் பட்டியல் வரும்: 11 பேர், இரண்டு ரிசர்வ். அந்த 13 பேரும் சனி மதியம் 12 மணிக்குள் ஒரு கட்டைவிரல் போட்டால் போதும். அதற்கு முன் பட்டியலை ஸ்டேட்டஸில் போடுவது, எதிரணி நண்பருக்கு அனுப்புவது இரண்டும் வேண்டாம். மாவட்டத் தேர்வுக்கு நம் பையன் யாராவது போயிருந்தால், அதிகாரபூர்வமாகப் பட்டியல் வந்த பிறகு வாழ்த்துவோம். முன்கூட்டி வாழ்த்தி, அப்புறம் பெயர் இல்லாமல் போனால் அந்தப் பையனுக்கு எப்படி இருக்கும்?

இனி கடைசி நேர மாற்றம். சனி மாலை 6 மணிக்கு மேல் வரமுடியாமல் போனால் குழுவில் எழுதாதீர்கள். கேப்டனைக் கூப்பிடுங்கள், எடுக்காவிட்டால் துணைக் கேப்டனை. இரவு ஒரு மணிக்குப் போடும் மெசேஜை காலையில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். உடம்பு சரியில்லை என்றால் அவ்வளவு சொன்னால் போதும், என்ன ஏது என்று கேட்கமாட்டோம்.

ஆட்டம் 9 மணிக்கு. விதிப்படி டாஸ் 8.30-க்கும் 8.45-க்கும் இடையில் போடவேண்டும். அதற்கு முன் கேப்டன் 11 பேரின் பெயரை எழுதிக் கொடுத்துவிடவேண்டும். கொடுத்தபின் எதிரணிக் கேப்டன் ஒப்புக்கொண்டால்தான் மாற்றமுடியும். அதனால் ஊரப்பாக்கத்தில் இன்னும் ரயில் ஏறாதவர் "இதோ வந்துட்டேன்" என்று சொன்னால், நம்மிடம் 10 பேர்தான். எங்கே இருக்கிறீர்களோ அதை அப்படியே சொல்லுங்கள், ரிசர்வ் தம்பி பேட் கட்டத் தயாராக இருப்பான். அவனும் 7.30-க்கே வந்து நிற்கிறான் என்பதை மறக்கவேண்டாம். நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டுப் போனால், அன்று மாலை அவன் பெயரைச் சொல்லிக் குழுவில் நன்றி எழுதுவது என் வேலை.

மாற்றம் நடந்தால் பழைய செய்தியைத் திருத்தமாட்டோம், பலர் கவனிக்கமாட்டார்கள். "மாற்றம் 1, சனி இரவு 9.10" என்பதுபோல் நேரத்தோடு முழுப் பட்டியலையும் புதிதாகப் போட்டு மேலே பின் செய்வோம். யாருடைய சொந்தக் காரணமும் அதில் இருக்காது.

"நான் ஏன் இல்லை?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. குழுவில் மட்டும் கேட்கவேண்டாம். சனி இரவு 7 முதல் 9 வரை கேப்டன் போனை எடுப்பார். மழுப்பாமல், ஆட்டத்தை வைத்துக் காரணம் சொல்லவேண்டியது அவர் கடமை. "அவனைவிட நான் நல்லா போடுவேனே" என்று இன்னொருவரை இழுக்காமல் உங்கள் ஆட்டத்தைப் பற்றிக் கேளுங்கள்.

டக் அவுட் ஆனவருக்கும் கேட்ச் விட்டவருக்கும் சிரிக்கும் முகம், மீம் எதுவும் வேண்டாம். மைதானத்தில் "டா" போட்டுக் கூப்பிடுவது நம் பழக்கம், சரி. ஆனால் இங்கே வீட்டார் படிக்கிறார்கள். எழுதும்போது அண்ணா, தம்பி, அல்லது பெயர். அம்பயரையும் எதிரணியையும் திட்டி எழுதுவது, சாதி, மதம், கட்சி எதுவும் இங்கே கிடையாது. காலை வணக்கப் படங்களும் வேண்டாம், பட்டியல் அடியில் போய்விடுகிறது.

மீறினால் முதலில் நான் தனியாகப் பேசுவேன். மறுபடியும் நடந்தால் இரண்டு வாரம் குழுவிலிருந்து எடுத்துவிடுவேன். அந்த இரண்டு வாரமும் தேர்வில் அவர் பெயர் வழக்கம்போல் பார்க்கப்படும், செய்தி போனில் போகும். எங்களில் யாராவது மீறினால் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். குழுவிலேயே மன்னிப்புக் கேட்போம்.

இந்த வார வாக்கெடுப்பு இன்று மாலை 6 மணிக்கு வரும்.

செயலாளர்