ஒரே மாதச் சந்தாவுக்கு இரண்டு தடவை பணம் எடுக்கப்படுவது பற்றிய முறைப்பாடு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
2025 செப்டம்பர் 9

கட்டணப் பிரிவுக்கு,

வணக்கம். என் மகளின் ஆங்கிலப் பயிற்சிக்காக உங்கள் செயலியில் மாதம் 1,490 ரூபாய் திட்டத்தில் இருக்கிறேன். ஒரு கணக்கு, ஒரு பிள்ளை, ஒரு திட்டம். ஆனால் ஜூன் 7, ஜூலை 7, செப்டம்பர் 7 ஆகிய மூன்று நாட்களிலும் 4417 என்று முடியும் என் டெபிட் அட்டையிலிருந்து தலா இரண்டு தடவை 1,490 ரூபாய் எடுத்திருக்கிறீர்கள். கூடுதலாகப் போனது 4,470 ரூபாய்.

இதை நான் சொல்வது முதல் தடவை அல்ல. ஜூனிலும் ஜூலையிலும் உங்கள் உதவிப் பக்கத்தில் எழுதினேன். இரண்டு தடவையும் ஒரே பதில்தான்: "இரண்டாவது தொகை தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது, ஏழு நாட்களில் தானாகத் திரும்பிவிடும்." ஏழு நாள் போய் மூன்று மாதம் ஆகிறது. நிறுத்திவைத்த பணமென்றால் கணக்குக் கூற்றில் கழிக்கப்பட்ட தொகையாக ஏறியிருக்காது. நேற்று வங்கிக் கிளைக்கே போய்க் கூற்றை அச்செடுத்தேன். அங்கிருந்த அலுவலர் பேனாவால் ஆறு வரிகளுக்குக் கீழே கோடு போட்டுத் தந்தார். ஆறும் முழுமையாக முடிந்த கொடுப்பனவுகள். ஆறுக்கும் வெவ்வேறு அனுமதி இலக்கங்கள். செப்டம்பர் மாதத்துக்கு உரியவை 204871, 204893. மற்ற நான்கும் இத்துடன் அனுப்பும் பிரதியில் இருக்கின்றன.

ஓகஸ்ட் மாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயம் அங்கேதான் வெளிச்சமாகிறது. அந்த மாதம் ஒரு தடவைதான் பணம் போனது. சரி, திருத்திவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் பழைய குறுஞ்செய்திகளைப் பார்த்தேன். ஓகஸ்ட் 7 அதிகாலை 2.14க்கு 1,490 ரூபாய் கழிக்கப்பட்டது. 2.16க்கு இன்னொரு செய்தி: மீதி போதாததால் 1,490 ரூபாய்க்கான கொடுப்பனவு நிராகரிக்கப்பட்டது. வீட்டு வாடகை கட்டிய மறுநாள், கணக்கில் ஆயிரத்துச் சொச்சம்தான் மிஞ்சியிருந்தது. அதாவது உங்கள் பக்கம் எதையும் திருத்தவில்லை. என்னிடம் காசு இல்லாததால் தப்பினேன்.

எங்கே பிழைத்தது என்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. என் பழைய அட்டை மே 31உடன் காலாவதியானது. அன்றிரவு புதிய அட்டையின் விபரத்தைப் போட்டு உறுதிசெய்தபோது திரை சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு மூன்று நிமிடம் பார்த்துவிட்டு மறுபடி அழுத்தினேன். அடுத்த மாதத்திலிருந்து இந்தத் தொல்லை. என் பெயரில் உங்களிடம் இரண்டு சந்தாக்கள் பதிவாகியிருக்கலாம். செயலியில் எனக்குத் தெரிவது ஒன்று மட்டும், பற்றுச்சீட்டும் மாதம் ஒன்றுதான் வருகிறது. அதனால்தான் உங்கள் ஆட்கள் பார்க்கும் பக்கத்திலும் எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது போலும். தயவுசெய்து பற்றுச்சீட்டை வைத்துத் தேடாமல் மேலே தந்த அனுமதி இலக்கங்களை வைத்துத் தேடுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். 4,470 ரூபாயையும் அதே அட்டைக்குத் திருப்பி அனுப்புங்கள். ஜூலையில் சமாதானத்துக்காக "ஒரு மாதம் இலவசம்" என்றீர்கள். எனக்கு இனாம் வேண்டாம், என் காசு போதும். ஒளிந்திருக்கும் இரண்டாவது சந்தாவை ஒக்டோபர் 7க்கு முன்னர் நிறுத்துங்கள். அவசரத்தில் இரண்டையும் நிறுத்திவிடாதீர்கள், மகள் பாதிப் பாடத்தில் நிற்கிறாள். செய்து முடித்ததும் பணம் திரும்பியதற்கான குறிப்பு இலக்கத்தை எழுத்தில் அனுப்புங்கள், அது இருந்தால்தான் வங்கியில் தேடிப் பார்க்கலாம்.

செப்டம்பர் 19 வெள்ளிக்கிழமை வரை காத்திருப்பேன். இரட்டைக் கழிவு பற்றி வங்கி மூலம் ஆட்சேபிக்க என் விசா அட்டைக்கு 120 நாட்கள்தான் உண்டு. ஜூன் மாதத் தொகைக்கு அது ஒக்டோபர் 5உடன் முடிகிறது. உங்கள் அடுத்த "ஏழு நாட்களை" நம்பி அதைத் தவறவிட முடியாது. பதில் வராவிட்டால் 22ஆம் திகதி திங்கட்கிழமை காலை வங்கியில் ஆட்சேபப் படிவத்தைக் கொடுத்துவிட்டு, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் எழுதுவேன். அதற்கு முன் நீங்களே முடித்துவைத்தால் இரு தரப்புக்கும் அலைச்சல் மிச்சம்.

கணக்குக் கூற்றின் பிரதி, ஓகஸ்ட் 7 குறுஞ்செய்திகள் இரண்டின் படம், உங்களுடைய முந்தைய பதில்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். அட்டையின் முழு இலக்கத்தை மறைத்திருக்கிறேன். அதைக் கேட்டு யாரும் அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ம. சுகந்தி