ஒரே முகவரி, இரண்டு வீடு

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுது" என்றாள் கயல்.

நிஷா நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மணி பதினொன்றரை. காலையில் பத்து மணிக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் பரீட்சை. இந்த நேரத்தில் கம்ப்யூட்டர்மேல் பழி போடுவது அந்த விடுதி மாடி முழுக்க நடந்துகொண்டிருந்த வேலைதான்.

"இங்க பாருடி." கயல் லேப்டாப்பைத் திருப்பி வைத்தாள். லேப் வகுப்பில் எழுதிய பழைய நிரல். fork() வந்ததும் ஓடுகிற நிரல் அப்பன், குழந்தை என்று இரண்டாகிவிடும்.

```c
int x = 5;
if (fork() == 0) {
    x = 9;
    printf("child  %p %d\n", (void *)&x, x);
} else {
    wait(NULL);
    printf("parent %p %d\n", (void *)&x, x);
}
```

கீழே அது கொடுத்த விடை:

```
child  0x7ffd3c2a1b4c 9
parent 0x7ffd3c2a1b4c 5
```

"அட்ரஸ் ஒரு எழுத்து கூட மாறல. ஆனா ஒருத்தனுக்கு ஒன்பது, இன்னொருத்தனுக்கு அஞ்சு. ஒரே இடத்துல ரெண்டு நம்பர் எப்படி இருக்கும்?"

"ஒரே இடம்னு யார் சொன்னா?"

"அட்ரஸ் ஒண்ணுதானே!"

நிஷா நோட்டை மூடினாள். இதைப் புரியவைக்காமல் தன்னால் தூங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். கயல் விடமாட்டாள்.

"சரி, ஒரு தபால் கவர். அதுல 'பள்ளிக்கூடத் தெரு, பன்னிரண்டாம் நம்பர்'னு மட்டும் எழுதியிருக்கு. ஊர் பேர் இல்ல. எங்க கொண்டுபோய்க் குடுப்ப?"

"எந்த ஊர் பள்ளிக்கூடத் தெரு?"

"அவ்வளவுதான். ஒவ்வொரு ப்ராசஸும், அதாவது ஓடிட்டிருக்கற ஒவ்வொரு நிரலும், ஒரு ஊர். உன் நிரலுக்குத் தன் ஊரைத் தவிர வேற ஊர் இருக்கறதே தெரியாது, அதனால ஊர் பேரே எழுதாது. தெருவும் கதவு எண்ணும் மட்டும்தான் எழுதும். தபால் ஆபீஸ்ல ஊருக்கு ஒரு பதிவேடு இருக்கு. 'இந்த ஊரோட பள்ளிக்கூடத் தெருன்னா, நிஜத்துல 47-வது வீட்டு வரிசை'னு அதுல இருக்கும். அடுத்த ஊரோட ஏட்டுல அதே தெருப் பேருக்கு 203-வது வரிசை."

"அந்தப் பதிவேடுதான் பேஜ் டேபிளா?"

"ஆமா. தெருப் பேர் பேஜ் நம்பர். நிஜ வரிசை ராம்ல இருக்கற ஃபிரேம்."

கயல் பேனாவைக் கடித்தபடி திரையைப் பார்த்தாள். "இந்த நம்பர்ல தெரு எது, கதவு எது?"

"ஒரு தெருவுல 4096 வீடு. நாலு கே.பி. பேஜ். அதுக்கு 12 பிட், அதாவது ஹெக்ஸ்ல மூணு எழுத்து. கடைசி மூணை மூடு."

கயல் `b4c`-ஐ விரலால் மறைத்தாள்.

"நீ மறைச்சது கதவு எண், ஆஃப்செட். மிச்சம் இருக்கற `0x7ffd3c2a1` தெரு. தெரு மட்டும்தான் பதிவேட்டுல மாறும். கதவு எண்ணை யாரும் தொடறதே இல்ல."

"ஏன் தொடறதில்ல? ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியா எங்க வேணா வைக்கலாமே."

"வைக்கலாம், பதிவேடு ஊரைவிடப் பெரிசாயிடும். 32 பிட் கணக்குலயே பாரு. தெருவுக்கு ஒரு வரின்னா 20 பிட், 10,48,576 வரி. வரிக்கு நாலு பைட்னா நாலு எம்.பி., அதுவும் ஒரு ப்ராசஸுக்கு. அதுவே அதிகம்னுதான் பதிவேட்டையே ரெண்டு அடுக்கா, மூணு அடுக்கா பிரிக்கறாங்க. வீட்டுக்கு ஒரு வரின்னா கதை முடிஞ்சுது."

கயல் இதை எழுதிக்கொண்டாள். எழுதி முடிக்கும் முன்பே அவள் முகம் மறுபடி சுருங்கியது.

"இரு. fork பண்ணும்போது குழந்தை ப்ராசஸ் அப்பனோட நகல்தானே? அப்போ ரெண்டு பதிவேட்டுலயும் ஒரே வரிசை எண்தானே இருந்திருக்கணும்?"

நிஷாவுக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. கயலின் நோட்டை இழுத்துக்கொண்டு படம் போட ஆரம்பித்தாள்.

"முதல்ல ஒண்ணேதான். ரெண்டு ஏட்டுலயும் 47. ஆனா அந்த வரி பக்கத்துல 'படிக்க மட்டும்'னு ஒரு குறி. குழந்தை `x = 9`னு எழுதப் போகுது, குறி தடுக்குது, ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குத் தகவல் போகுது. அது 47-வது வரிசையை அப்படியே காலியா இருக்கற ஒரு வரிசையில, 203-னு வை, நகல் எடுத்து, குழந்தையோட ஏட்டுல மட்டும் 203-னு மாத்திடுது. அப்புறம்தான் ஒன்பது எழுதப்படுது. அதனால அப்பனோட அஞ்சு அப்படியே இருக்கு."

"தபால்காரர் ஒரு தெருவையே நகல் எடுப்பாரா?"

"மாட்டார். உவமை இங்க நொண்டும். பரீட்சையில தெருன்னு எழுதித் தொலைக்காத."

கயல் சிரித்துவிட்டு நிரலை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். இந்த முறை முகவரி வேறாக வந்தது. ஆனால் இரண்டு வரியிலும் அதே முகவரி, ஒன்பதும் ஐந்தும்தான். அவளுக்கு இப்போது அதில் கோபம் இல்லை.

"பேஜ் ஃபால்ட்னா ஊர்லயே இல்லாத தெருவா?"

"இல்ல, அது செக்மென்டேஷன் ஃபால்ட். 'அப்படி ஒரு தெருவே இந்த ஊருக்கு இல்ல'ன்னா கவரைக் கிழிச்சுப் போட்டு நிரலைக் கொன்னுடும். பேஜ் ஃபால்ட்ல தெரு இருக்கும், ஆனா அதோட வீடுங்க இப்போ டிஸ்க்ல கிடக்கும். ஒரு காலி வரிசை பிடிச்சு, அங்க கொண்டுவந்து வச்சு, ஏட்டைத் திருத்தி, அதே கட்டளையை முதல்லேருந்து மறுபடி ஓட்டணும். நிரலுக்கு நடுவுல என்ன நடந்துச்சுன்னே தெரியாது."

பேஜ் டேபிளில் அடிக்கடி தேடும் வரிகளைக் கையோடு வைத்திருக்கும் டி.எல்.பி.-யை நிஷா வேகமாகச் சொல்லி முடித்தாள். பதிவேடும் ராமில்தான் இருக்கிறது, ஒவ்வொரு கவருக்கும் அங்கே போய் வந்தால் நடை இரட்டிப்பாகும், அதனால் அடிக்கடி வரும் தெருக்களைத் தபால்காரர் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பையில் வைத்திருக்கிறார். வேறு ஊருக்கு மாறும்போது சீட்டைத் தூக்கிப் போடவேண்டும், அல்லது சீட்டிலேயே ஊர் பெயரையும் எழுதி வைக்கவேண்டும்.

"கணக்கு ஒண்ணு போட்டுடலாம். டி.எல்.பி. 10 நானோசெகண்ட், மெமரி 100, ஹிட் 90 சதவீதம்." நிஷாவே மளமளவென்று எழுதினாள். சீட்டில் கிடைத்தால் 110. கிடைக்காவிட்டால் ஏட்டுக்கு 100, வீட்டுக்கு 100, ஆக 200. "99 கூட்டல் 20. 119."

கயல் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீட்டுல இல்லைன்னு தெரிஞ்சுக்கவே பையைத் திறந்து பார்த்திருக்கணும்ல? அந்தப் பத்து எங்க?"

நிஷா பேனாவை நிறுத்தினாள். 200-ஐ அடித்து 210 என்று எழுதினாள். "99 கூட்டல் 21. 120."

"அந்த ஒண்ணுக்கு நாலு மார்க் போயிருக்கும்டி."

"தெரியுது, பேசாத." நிஷா படுக்கையில் சாய்ந்தாள். "போதும். த்ராஷிங் கேள்வி வராது, தூங்கலாம்."

"போன வருஷமும் அப்படித்தான் சொன்னாங்களாம்."

நிஷா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, "எத்தனாவது பக்கம்?" என்றாள்.