திட்டை விட்டு எப்போது கிளம்புவது? விளிம்பு மதிப்புத் தேற்றம்: ஒப்படைப்பு விடை

1976-இல் சூழலியலாளர் எரிக் சார்னோவ் முன்வைத்த விதி இது: திட்டில், அதாவது உணவு செறிந்திருக்கும் இடத்தில், அந்தக் கணத்தில் கிடைக்கும் ஆதாய வீதம், அடுத்த திட்டுக்கான பயண நேரத்தையும் சேர்த்த நீண்டகாலச் சராசரி வீதத்துக்கு இறங்கியதும் விலங்கு கிளம்ப வேண்டும். திட்டு காலியாகும்வரை காத்திருப்பது நட்டம்.

ஒரு பறவையின் ஆதாய வளைகோடு இப்படி இருக்கட்டும் (t நொடிகளில், g விதைகளில்):

`g(t) = 60t/(t + 4)`

பயண நேரம் T எனில் நீண்டகாலச் சராசரி வீதம் `R = g(t)/(T + t)`. `g'(t) = R` எனச் சமப்படுத்தினால் `4T = t²`, அதாவது `t* = √(4T)`.

T = 9 எனில் t* = 6; கிடைப்பது 36 விதைகள், R = 36/15 = 2.4. சரிபார்ப்பு: `g'(6) = 240/100 = 2.4`. மூன்றாம் நொடியில் அவசரப்பட்டுக் கிளம்பினாலும், பன்னிரண்டுவரை இழுத்தடித்தாலும் வீதம் ஒரே 2.14தான்.

T = 25 ஆனால் t* = 10, R ≈ 1.22. தொலைவு கூடினால் தங்கலும் கூடுகிறது. 60 என்ற எண் t*-இல் வரவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்: எல்லாத் திட்டுகளும் ஒரே அளவில் செழித்தால் தங்கும் நேரம் மாறாது.

தொலைவு கூடினால் தங்கலும் கூடும் என்ற கணிப்பு வளைவில்லாத கோட்டுக்குப் பொருந்தாது. `g = 6t` என ஏறி ஐந்தாம் நொடியில் 30-இல் நின்றுவிட்டால், T எதுவானாலும் விடை 5. வரைபடத்தில் நேர அச்சின் −T புள்ளியிலிருந்து வரையும் தொடுகோடு எப்போதும் அந்த முனையிலேயே முட்டுகிறது.

கொன்றுண்ணிகளின் அச்சத்தை இந்த மாதிரி கணக்கில் எடுப்பதில்லை. என் பார்வையில் அதுவே இதன் பெரிய குறை.