வட்ட சீல்

கமலத்தின் மனு மல்லிகாவின் மேசைக்கு வந்தது 2010 அக்டோபரில், ஆயுத பூஜை விடுமுறை முடிந்த திங்கட்கிழமை. கருணை அடிப்படையில் வேலை கேட்டு எழுதியிருந்தார். அவருடைய கணவர் அதே ஈரோடு அலுவலகத்தில் இரவுக் காவலராக இருந்து 2007 நவம்பரில் இறந்துபோனவர். இறந்த தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் மனு கொடுத்தாக வேண்டும். அது முடிய இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

இறப்புச் சான்று, குடும்ப அட்டை நகல், எட்டாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழ், வாரிசுச் சான்று. எல்லாம் இருந்தன. மல்லிகா ஒவ்வொன்றாகப் புரட்டி டிக் போட்டுக்கொண்டே வந்தவள், வாரிசுச் சான்றில் கையை நிறுத்தினாள்.

முதலில் கண்ணில் பட்டது சீலின் அழகு. அலுவலக சீல் அப்படி விழாது. ஒரு பக்கம் மை அப்பியிருக்கும், மறுபக்கம் எழுத்து பாதி தேய்ந்திருக்கும். மை அட்டை காய்ந்த நாளில் வெறும் வளையம்தான் தெரியும். இந்தச் சீலோ சுற்றிலும் ஒரே கனத்தில், ஊதா நிறத்தில், அச்சடித்த மாதிரி இருந்தது. அதற்காகச் சந்தேகப்பட முடியுமா? புது சீலாக இருக்கலாம். அப்புறம்தான் எழுத்துகளைக் கூட்டிப் படித்தாள். ‘வட்டாட்சியர் அலுவலகம், தாராபுரம், திருப்பூர் மாவட்டம்.’

சான்றின் தேதி 14.03.2008.

திருப்பூர் தனி மாவட்டமானது 2009 பிப்ரவரியில். மல்லிகாவுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தாராபுரம், காங்கேயம் வட்டங்களின் கோப்புகளைக் கட்டுக் கட்டாகச் சணல் கயிற்றில் கட்டி லாரியில் ஏற்றி அனுப்பியவளே அவள்தான். 2008 மார்ச்சில் தாராபுரம் ஈரோடு மாவட்டத்தில் இருந்தது. இல்லாத மாவட்டத்தின் பெயரில் எந்த வட்டாட்சியரும் சீல் வைத்திருக்க முடியாது.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. கோப்பை மூடி இழுப்பறையில் வைத்துவிட்டு அடுத்த தபாலை எடுத்தாள். கமலத்தின் அண்ணனை அந்த அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். மதியத்துக்குள் வாசல் டீக்கடை வரை விஷயம் போய்விடும். பின்னால் சான்றை மாற்றிக் கொடுத்தபோது புது சீல் வைத்தார்கள் என்று ஏதாவது காரணம் இருந்துவிட்டால்? ஒருமுறை ‘போலி’ என்று வாயிலிருந்து விழுந்துவிட்டால் அந்தம்மா இந்த வாசலைத் தலைநிமிர்ந்து மிதிக்க முடியாது.

சாயங்காலம் பதிவறைக்குப் போய் இறந்தவரின் பணிப்பதிவேட்டை எடுத்தாள். குடும்ப விவரப் பக்கத்தில் நாலு பெயர்கள். தாய், மனைவி, மகன், அவற்றுக்கு மேலே மங்கிப்போன பழைய மையில், ‘மகள், தேவி.’ சான்றில் மூன்று பெயர்கள்தான் இருந்தன.

புதன்கிழமை தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் காங்கேயம் வழியாகத் தாராபுரம் பஸ் ஏறினாள். அங்கே வட்டாட்சியர் அலுவலகத்தில் சுமதி இருந்தாள். பவானிசாகர் பயிற்சியில் ஒரே அறையில் தங்கியவர்கள்.

“என்னடி, சொல்லாம கொள்ளாம?”

“ஒரு நம்பரைப் பாக்கணும். 2008, ரெண்டாயிரத்து முன்னூத்திப் பதினாலு. பாத்துட்டு, கடிதம் போட வேண்டியதா இல்லையான்னு மட்டும் சொல்லு. நகல் எதுவும் வேண்டாம்.”

சுமதி கேள்வி கேட்கவில்லை. பழைய பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்து வந்து விரலை வரிசையில் ஓட்டினாள். எண் அதேதான். தேதியும் அதேதான். மனுதாரர் கமலம். வாரிசுகள் நாலு பேர். முதல் மனைவியின் மகள் தேவி, வயது பத்தொன்பது. அலுவலக நகலில் இருந்த சீல் இடப்பக்கம் தேய்ந்து, சாய்ந்து விழுந்திருந்தது. அதில் ‘ஈரோடு’ என்பதில் ‘ஈ’ மட்டும் தெளிவாக இருந்தது.

“கடிதம் போட்டுரு” என்றாள் சுமதி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லாம் புரிந்தது. உண்மையான சான்று 2008லேயே வாங்கியாகிவிட்டது. ஆனால் கருணை வேலைக்கு மற்ற வாரிசுகள் ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தேவியிடம் போய் அதைக் கேட்க யாருக்கோ மனசில்லை. பழைய எண்ணையும் தேதியையும் அப்படியே வைத்து ஒரு பெயரை மட்டும் எடுத்துவிட்டார்கள். சீல் செய்தவனுக்கு மாதிரிக்குக் கிடைத்தது இப்போதைய காகிதம்.

மறுநாள் கோப்பில் குறிப்பு வைத்தாள். தேதியையும் சீலில் உள்ள மாவட்டத்தையும் சொல்லி, பணிப்பதிவேட்டில் நாலு பெயர் இருப்பதையும் சொல்லி, ‘உண்மைத்தன்மை அறிய வட்டாட்சியருக்கு எழுதலாம்’ என்று முடித்தாள். கண்காணிப்பாளர் சான்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை பார்த்தார்.

“யார்கிட்டயாவது சொன்னியாம்மா?”

“இல்லைங்க சார்.”

“இன்னைக்கே பதிவுத் தபால்ல அனுப்பிரு. அந்தம்மாவ நாளைக்கு வரச் சொல்லு.”

கமலம் வந்ததும் மல்லிகா அவரைப் பதிவறை பெஞ்சில் உட்கார வைத்தாள். சான்றை மடியில் வைத்துக் கொடுத்து, “இதுல ஒரு பேர் இல்லைங்களேக்கா” என்றாள்.

கமலம் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. “தெரியுமுங்க” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “எங்கண்ணன் நாலாயிரம் குடுத்து வாங்கியாந்தாருங்க. வேண்டாம்னு சொல்லியிருக்கோணும். சொல்லலீங்க.”

“தேவி எங்க இருக்கா?”

“தாராபுரத்துல மில்லு வேலைக்குப் போறா. ஒம்பது வயசுல அவ அம்மாயி ஊட்டுல கொண்டுபோயி உட்டனுங்க. அவங்கப்பன் செத்தப்பக் கூட ஓரமா நின்னுட்டுப் போனா. எந்த மூஞ்சிய வெச்சுட்டு நான் போயி கையெழுத்துக் கேப்பேன்?”

“கடிதம் போயாச்சுக்கா. அதை நான் நிறுத்த மாட்டேன். இந்தக் காகிதம் எப்படி வந்துச்சுன்னு உங்க கையால எழுதிக் குடுங்க. மேல என்ன முடிவு பண்ணுவாங்கன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா உண்மையான சான்றக் கொண்டாந்து குடுக்க, தேவியோட சம்மதம் வாங்க இன்னும் நாள் இருக்கு.”

கமலம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “குடுப்பாளுங்களா?”

மல்லிகா உடனே பதில் சொல்லவில்லை. அவளும் அப்பா இறந்துதான் இந்த நாற்காலிக்கு வந்தவள். அக்காவுக்கும் அவளுக்கும் அப்போது ஆறு மாதமாகப் பேச்சில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு போனபோது அக்கா ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை, என்ன ஏதென்று கேட்கவில்லை. ஈரக்கையைப் புடவையில் பாதி துடைத்துவிட்டுப் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். பெருவிரல் மாவு காகிதத்தின் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்து, உளுந்து வாசனையோடுதான் கலெக்டர் அலுவலகம் போனது.

“எங்கக்கா குடுத்தா” என்றாள் மல்லிகா. “கேக்கப் போனப்ப எனக்கும் காலெல்லாம் நடுங்குச்சு.”

கமலம் சான்றைத் திருப்பிக் கொடுத்தார். வெள்ளைத்தாள் ஒன்று கேட்டு வாங்கி, பெஞ்சில் வைத்து எட்டாம் வகுப்புக் கையெழுத்தில் மெல்ல மெல்ல எழுதினார். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு நீட்டிவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“மில்லு மூணு மணிக்கு உடுவாங்க. இப்பப் போனா தாராபுரம் பஸ்ஸு இருக்குமுங்களா?”