முகிலனுக்குப் பத்து வயசு!

என் செல்ல முகிலா,

இனி உன் வயசை எழுத இரண்டு இலக்கம் வேண்டும். இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்டா கண்ணா!

நீ பிறந்த கதையைப் பத்து தடவையாவது கேட்டிருப்பாய். இது பதினோராவது தடவை.

2015 டிசம்பர் 1. ராத்திரி முழுக்க மழை. அடையாற்றுத் தண்ணீர் சைதாப்பேட்டைத் தெருக்களுக்குள் வந்துவிட்டது. கரண்ட் இல்லை, போன் இல்லை. அம்மாவுக்கு வலி வந்ததும் மாடி வீட்டு மாமாவும் நானும் அவளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, முட்டித் தண்ணீரில் தூக்கிக்கொண்டு போனோம். அம்மா வலியிலும், "குடையை நேராப் பிடிங்க" என்று எங்களை அதட்டிக்கொண்டே வந்தாள். விடிகாலை நாலரைக்கு நீ பிறந்தாய். உன் முகத்தை நான் முதன்முதலில் பார்த்தது செல்போன் டார்ச் வெளிச்சத்தில். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அப்படி ஒரு முறைப்பு! ஸ்கூலுக்கு எழுப்பினால் இன்றைக்கும் அதே முறைப்புதான்.

அந்த ஒரே நாளில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். நர்ஸ் அளந்து பார்த்தபோது உன் உயரமும் 49 சென்டிமீட்டர். உன் ஸ்கேலை எடுத்து வைத்துப் பார், ஒன்றரை ஸ்கேலுக்கு மேல் வரும். அவ்வளவு மழையோடு வந்ததால் ஆச்சி உனக்கு 'வெள்ளத்துரை' என்று பெயர் வைக்கச் சொன்னாள். அம்மா ஒரே பிடியாக மறுத்து 'முகிலன்' என்றாள். இதற்காகவே நீ அம்மாவுக்கு வாழ்நாள் முழுக்கப் பாத்திரம் தேய்த்துக் கொடுக்கலாம்.

கும்பகோணத்தில் இருந்த தாத்தாவுக்குப் போன் கிடைக்கவே இல்லை. நீ பிறந்து நாலு நாள் கழித்துத்தான் அவருக்கே தான் தாத்தா ஆன விஷயம் தெரிந்தது. நீ பிறந்த தேதி பேப்பரை வாங்கிப் பத்திரமாக வைக்க ஆசைப்பட்டேன். அன்றைக்கு எங்கள் தெருவுக்குப் பேப்பரே வரவில்லை.

சரி, இப்போது கிரிக்கெட். மேற்கு மாம்பலத்தில் வளர்ந்த நம்ம அஸ்வின் 537 டெஸ்ட் விக்கெட் எடுத்தார். நீ இந்த வருஷம் எடுத்தவை: இரண்டு டியூப் லைட், எதிர்வீட்டுப் பூந்தொட்டி ஒன்று, ரசத்துக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தில் போட்ட கேரம் பாலில் அம்மாவின் காபி டம்ளர். சுழல் நன்றாகத்தான் விழுகிறது, அதில் குறையே இல்லை. இனி பந்தில் போடு.

ஆனால் இந்த வருஷம் நான் ரொம்பப் பெருமைப்பட்டது வேறொன்றுக்கு. ஆடி மாசம் தாத்தாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதும், கொஞ்ச நாள் பேப்பர் படிக்கக் கூடாது என்றார்கள். யாரும் உன்னிடம் சொல்லவில்லை. மறுநாள் காலை நீயே பேப்பரை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாய். தலைப்புச் செய்தி, தங்கம் விலை, டெண்டர் அறிவிப்பு, எதையும் விடவில்லை. கண்ணீர் அஞ்சலியைக்கூட கிரிக்கெட் கமென்ட்ரி மாதிரி நீ வாசித்தபோது தாத்தா சிரித்த சிரிப்பில், ஆபரேஷன் பண்ணின கண்ணுக்கு என்ன ஆகுமோ என்று அம்மா ஓடி வந்தாள். 'கிழமை' என்பதை நீ 'கிளமை' என்று வாசிக்கும்போதெல்லாம் அவர் திருத்துவார். நீ கோபப்படாமல் மறுபடி சொல்வாய். நான் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை முகிலா.

ஒரு ரகசியம் சொல்கிறேன். தாத்தாவுக்குக் கண் எப்போதோ சரியாகிவிட்டது. போன வாரம் உன் ரேங்க் கார்டில் பொடி எழுத்தில் இருந்த டீச்சர் குறிப்பை அவரே படித்தார். ஆனாலும் காலையில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "வாடா, இன்னிக்கு என்ன போட்டிருக்கான்?" என்று உன்னைத்தான் கூப்பிடுகிறார். உனக்கும் இது தெரியும் என்று எனக்கு ஒரு சந்தேகம். தெரிந்தும் நீ தினமும் போய் உட்காருகிறாய் என்றால், இன்னும் ஒரு முத்தம் சேர்த்து வாங்கிக்கொள்.

பீரோவுக்குப் பின்னால் நீளமாக ஒரு பொட்டலம் இருக்கிறது. நீ மூன்று நாளாக அதைத் தடவிப் பார்ப்பது எனக்குத் தெரியும். கேக் வெட்டினதும் பிரி. முதல் ஓவர் எனக்கு.

அதற்கு முன்னால் இந்தக் கார்டைத் தாத்தாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு. ரகசியம் இருக்கும் பத்தியை மட்டும் தாண்டிவிடு. 'மழை' வரும் இடத்தில் கவனம்.

நிறைய முத்தங்களுடன்,
அப்பா
2.12.2025