32 பிரதிநிதிகளுக்கு அறைகள் வேண்டி: பிப்ரவரி 12 முதல் 15 வரை

முன்பதிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். காசிமேட்டில் நாங்கள் நடத்தும் மீனவர் கூட்டுறவுக் கருத்தரங்குக்குத் தூத்துக்குடி, நாகப்பட்டினத்திலிருந்து 32 பேர் வருகிறார்கள். தண்டையார்பேட்டை மெட்ரோவுக்குப் பக்கம் என்பதால் உங்கள் விடுதியையே முதலில் கேட்கிறோம்.

மூன்று இரவுகளுக்கு இருவர் தங்கும் ஏசி அறை 14, தனி அறை 4 தேவை. இரட்டை அறைக்கு 2,600, தனி அறைக்கு 2,100 ரூபாய், காலை உணவு சேர்த்து, என்று போனில் சொன்னீர்கள். ஜிஎஸ்டி இதில் அடக்கமா, தனியா? 18 அறை எடுக்கிறோம், கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். தூத்துக்குடிக்காரர்கள் காலை ரயிலில் எழும்பூர் வந்துவிடுவார்கள். 12ஆம் தேதி 9 மணிக்கே நான்கு அறைகளாவது திறந்துவிட்டால் குளித்துக் கிளம்பலாம்.

அப்புறம், ரத்து விஷயம். போன வருடம் வேறொரு விடுதியில் வாய்ப்பேச்சை நம்பி, வராத நான்கு பேருக்கும் மூன்று இரவு வாடகை கட்டினோம். அதனால் இதை எழுத்தில் கேட்கிறோம்: பிப்ரவரி 5 வரை ரத்து செய்தால் கட்டணம் இல்லை, 10 வரை மூன்று அறைகள் வரை குறைக்கலாம், அதற்குப் பிறகு அறைக்கு ஓர் இரவு வாடகை மட்டும்.

சம்மதமானால் வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்புங்கள். 25 சதவீத முன்பணத்தை மறுநாளே வங்கியில் போட்டுவிடுகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர், கருத்தரங்கு ஏற்பாட்டுக் குழு,
ராயபுரம்