குழாய் பதிக்கத் தெருவைத் தற்காலிகமாக மூட அனுமதி வேண்டி

பெறுநர்: நகராட்சிப் பொறியாளர் அவர்கள்

ஐயா,

வணக்கம். பள்ளிக்கூடத் தெருவின் குறுக்கே 150 மி.மீ. குடிநீர்க் குழாய் பதிக்க வேண்டியுள்ளது. வரும் சனிக்கிழமை இரவு 10 மணி முதல் ஞாயிறு காலை 5 மணி வரை தெருவை மூட அனுமதி வேண்டுகிறோம்.

பாதிப் பாதியாகத் தோண்டலாமா என்றும் பார்த்தோம். தெரு அகலமே 5 மீட்டர்தான். பொக்லைன் நின்றால் பைக் கூடப் போக முடியாது. கிழக்கு ஓரத்தில் தொலைபேசிக் கேபிள் போவதால் அங்கே மட்டும் கடப்பாரையால் ஆட்களே தோண்டுவார்கள். ஆம்புலன்ஸ் வந்தால் பள்ளத்தின் மேல் போட இரும்புத் தகடு தயாராக இருக்கும். தடுப்பு, சிவப்பு விளக்கு, காவலாள் எங்கள் பொறுப்பு. அப்புறம், மண்ணை அடுக்கடுக்காகக் கெட்டித்துத் தார் போட்டுத் தருகிறோம். வரைபடம் இணைத்துள்ளோம்.

தெருவாசிகளுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். வியாழனுக்குள் உத்தரவு கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
குழாய்ப் பணி ஒப்பந்ததாரர்